விட்ட புகைத்தல் துக்க வீட்டில் திரும்பி வந்தால்

நீங்கள் பல வருடங்களுக்கு முன்னரே புகைப்பதை நிறுத்தியவராக இருக்கலாம். இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தில் நிறுத்தியிருப்பீர்கள், அல்லது பிள்ளைக்கு இளைப்பு வந்தபோது நிறுத்தியிருப்பீர்கள். ஊருக்குத் திரும்பிய பின் வீட்டில் ஒரு சாவு நடந்தது. அந்த நாட்களில் ஒரு பீடி பிடித்தீர்கள், அடுத்த நாள் இன்னொன்று. இப்போது சட்டைப் பையில் மீண்டும் நெருப்புப்பெட்டி இருக்கிறது, வீட்டாருக்குத் தெரியாமல் வேலிக்கு அப்பால் போய்ப் புகைக்கிறீர்கள். இந்தப் பாடம் உங்களுக்காக எழுதப்பட்டது. வேலை இழந்த பிறகு மீண்டும் தொடங்கியவர்களுக்கென்று பின்னால் ஒரு பகுதி உண்டு.

செத்தவீட்டில் ஏன் தொடங்குகிறது?

பளையிலும் எங்கள் மற்ற ஊர்களிலும் செத்தவீட்டுப் பந்தலில் ஒரு தட்டம் வைப்பது வழக்கம். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலையுடன் சுருட்டும் பீடியும் சிகரெட்டும் அதில் இருக்கும். வந்தவர்களை உபசரிக்கும் முறை அது. இரவு முழுவதும் ஆண்கள் கதிரைகளில் விழித்திருப்பார்கள். தேத்தண்ணி வரும், கூடவே பீடியும் வரும். எட்டுச் செலவன்று இறந்தவர் விரும்பியவற்றைப் படைக்கும்போது, சுருட்டுப் பிடித்தவருக்குச் சுருட்டும் வைப்பார்கள். அதன் பிறகு 31ஆம் நாள் அந்தியேட்டிக்கும் ஆட்கள் கூடுவார்கள்.

நித்திரை இல்லாத இரவு, தேத்தண்ணி, பக்கத்தில் இருந்து பிடிப்பவர்கள், காசு கொடுக்காமல் கைக்கு வரும் பீடி ஆகியவை எல்லாம் ஒரு மாதம் முழுவதும் உங்களைச் சுற்றியே இருந்தன. பத்து வருடம் தொடாதவரும் அந்த இடத்தில் கை நீட்டுவது நடக்கக்கூடியது. அதை வைத்து நீங்கள் மனவுறுதி இல்லாதவர் என்று முடிவு கட்ட வேண்டாம்.

உடம்பில் என்ன நடக்கிறது?

புகையிலையில் உள்ள நிக்கோட்டின் மூளையில் சில இடங்களில் போய் ஒட்டிக்கொள்கிறது. தினமும் புகைப்பவரின் மூளையில் இந்த இடங்கள் அதிகரித்திருக்கும். நிறுத்திச் சில மாதங்களில் அவை வழமைக்கு வந்துவிடும். ஆகவே பல வருடம் விட்டவர் ஒரு பீடி பிடித்தவுடனே பழைய நிலைக்குப் போய்விடுவதில்லை. விட்ட வருடங்களில் நுரையீரலும் இதயமும் பெற்ற நன்மையும் ஒரே நாளில் அழிந்துவிடாது. ஆனால் பழக்கத்தின் நினைவு மூளையில் இருப்பதால், தொடர்ந்து பிடித்தால் புதியவரைவிட விரைவாக அது உங்களைப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு விரைவில் நிறுத்துகிறீர்களோ அவ்வளவுக்கு நிறுத்துவது இலகு.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். இரத்தத்தில் உள்ள நிக்கோட்டின் ஏறத்தாழ 2 மணித்தியாலத்தில் பாதியாகக் குறையும். குறையக் குறைய அந்தரமும் எரிச்சலும் வரும், ஒன்றிலும் மனம் நிற்காது. துக்கத்தில் இருப்பவருக்கும் இதே குறிகள்தான். ஆகவே பீடி பிடித்தவுடன் மனம் ஆறும்போது, துக்கம் ஆறியது போலத் தோன்றும். உண்மையில் ஆறியது, முந்திய பீடி உண்டாக்கிய அந்தரம் மட்டுமே. 26 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை 2014இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தது. புகைப்பதை நிறுத்தியவர்களுக்கு, தொடர்ந்து புகைத்தவர்களைவிடப் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்திருந்தன என்று அது காட்டியது.

ஒன்று எப்படி ஏழாகிறது?

அமெரிக்க உளவியலாளர் அலன் மார்லட், ஜூடித் கோர்டன் என்பவருடன் சேர்ந்து 1985இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார். விட்ட ஒருவர் ஒரு தரம் தவறினால் அது ஒரு சறுக்கல் மட்டுமே. அதன் பிறகு அவர் தனக்குத் தானே என்ன சொல்லிக்கொள்கிறார் என்பதுதான் பெரிதும் தீர்மானிக்கிறது. “எல்லாம் போச்சு, நான் உதவாதவன்” என்று நினைத்தால் வெட்கம் வரும். வெட்கத்தில் ஒளித்துப் பிடிப்பார். ஒளித்துப் பிடிப்பவருக்கு யாரும் உதவ முடியாது. ஆகவே வெட்கத்தை இறக்கி வைப்பது உங்களுக்குக் காட்டும் சலுகையல்ல, சிகிச்சையின் ஒரு பகுதி.

ஓர் உதாரணம்

பளைக்கு அருகே தென்னந்தோட்டத்தில் வேலை செய்யும் 50 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2009இல் முகாமில் இருந்தபோது புகைப்பதை விட்டவர். தாய் இறந்த இரவு மச்சான் நீட்டிய பீடியை வாங்கினார். எட்டு முடிய ஒரு நாளைக்கு 3, பிறகு 7 என்று கூடியது. “அந்தியேட்டி முடியட்டும், விட்டிடுவன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலில் அவர் செய்ய வேண்டியது இரண்டு நாட்களுக்கு எழுதி வைப்பது. பழைய கொப்பியில் ஒவ்வொரு பீடிக்கும் நேரம், இடம், கூட இருந்தவர் என்று மூன்றையும் எழுதுகிறார். எழுதிப் பார்த்தால், காலைத் தேத்தண்ணியோடு 1, தோட்டத்தில் கூட்டாளிகளோடு 3, சந்திக் கடையில் 1. மீதி 2 மட்டுமே மாலையிலும் இரவிலும் தாய் படுத்திருந்த திண்ணைக்குப் பக்கத்தில் பிடித்தவை. துக்கத்தால் பிடிக்கிறேன் என்று நினைத்தவருக்கு, ஏழில் ஐந்து வெறும் பழைய பழக்கம் என்று தெரிகிறது.

இரண்டாவது, நாள் குறிப்பது. அந்தியேட்டி வரை காத்திருந்தால் பழக்கம் இன்னும் இறுகும். ஆகவே ஒரு வாரத்துக்குள், ஆட்கள் கூடாத ஒரு நாளைத் தெரிவு செய்கிறார். முதல் நாள் இரவே மிச்சப் பீடியையும் நெருப்புப்பெட்டியையும் வீட்டிலிருந்து அகற்றுகிறார்.

மூன்றாவது, ஒருவருக்குச் சொல்வது. மனைவியிடம், “அம்மா போனதிலயிருந்து திரும்பப் பத்துறன். வெள்ளிக்கிழமை விடப்போறன். என்னை ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஒருக்காக் கேளும்” என்கிறார். மச்சானிடமும், “இனி எனக்கு நீட்டாதை” என்று சொல்லிவைக்கிறார்.

நான்காவது, அந்த ஐந்து நேரங்களையும் மாற்றுவது. தேத்தண்ணியைக் கிணற்றடியில் குடிக்காமல் அடுப்படியில் குடிக்கிறார். தோட்டத்தில் ஓய்வு நேரத்தில் புகைக்காதவர் பக்கத்தில் இருக்கிறார். சந்திக் கடையைத் தவிர்க்க வேறு வழியால் வீடு வருகிறார். ஒரு தவிப்பு வந்தால் பொதுவாகச் சில நிமிடங்களில் தணியும். அந்த நிமிடங்களில் தண்ணீர் குடிப்பதும், எழுந்து நடப்பதும், கைக்கு ஒரு வேலை கொடுப்பதும் போதும்.

திண்ணையில் பிடித்த அந்த இரண்டுக்கும் வேறு வழி வேண்டும். அந்த நேரத்தில் அவருக்குத் தேவைப்பட்டது தாயோடு இருப்பது. ஆகவே திண்ணையை விட்டு ஓட வேண்டியதில்லை. மாலையில் விளக்கேற்றிவிட்டுச் சகோதரியோடு அங்கே இருந்து தாயைப் பற்றிக் கதைக்கிறார். அழுகை வந்தால் அழுகிறார்.

முதல் 2, 3 நாட்கள்தான் கடினம். நித்திரை குழம்பும், கோபம் வரும். அதன் பிறகு இறங்கத் தொடங்கி 2 முதல் 4 வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அந்தியேட்டியன்று தட்டத்தில் வெற்றிலை, பாக்கு மட்டும் வைக்கச் சொல்லி முன்னரே உறவினரோடு பேசிக்கொள்கிறார். படையலில் சுருட்டு வைத்தால், முடிந்தவுடன் அதை வேறொருவர் எடுத்துச் செல்ல வேண்டும். அன்று கதிரையில் குந்தியிராமல் சமையல் கிடாரத்தடியில் நிற்கிறார்.

ஒன்பதாம் நாள் சந்தியில் ஒரு சிகரெட் பிடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் கணக்கு முதலிலிருந்து தொடங்குவதில்லை. எட்டு நாட்கள் பிடிக்கவில்லை, ஒன்று பிடித்தார், அவ்வளவுதான். அன்று பின்னேரமே மனைவியிடம் சொல்கிறார். எந்த இடம், யாரோடு என்று கொப்பியில் எழுதுகிறார். அடுத்த நாள் அந்த இடத்தைத் தவிர்க்கிறார்.

கவனிக்க வேண்டியவை

பீடிக்குப் பதிலாக வெற்றிலையில் புகையிலை சேர்த்துப் போடுவது விடுவதாகாது. அதே நிக்கோட்டின் உடம்புக்குள் போகிறது, வாய்ப் புற்றுநோய்க்கும் அது காரணம். குடித்திருக்கும்போது சறுக்குவது மிக இலகு என்பதால் முதல் மாதம் அந்தக் கூட்டங்களுக்குப் போக வேண்டாம்.

மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் நிறுத்துவதற்கு முன் வைத்தியரிடம் சொல்லுங்கள். சில மருந்துகளின் அளவை மாற்ற வேண்டியிருக்கும். புகைப்பதை விட்டுப் பல வாரங்களுக்குப் பிறகும் நித்திரையும் பசியும் திரும்பாமல், வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம் வந்தால் அது பீடியின் குறையல்ல. அந்த எண்ணம் வந்தால் நாள் கடத்தாமல் பளை வைத்தியசாலையில் சொல்லுங்கள், அல்லது தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள்.

வேலை இழந்து தொடங்கியவர்களுக்கு

கண்ணிவெடி அகற்றும் ஒப்பந்தமோ, வீட்டுத்திட்ட மேசன் வேலையோ முடிந்தவுடன் திரும்பத் தொடங்கியவர்களும் இருக்கிறார்கள். இங்கே தூண்டுவது தட்டமல்ல, வெறும் பொழுது. முன்பு வேலைக்குப் புறப்பட்ட காலை நேரமும், சந்தியில் வேலை விசாரிக்கும் நேரமும்தான் ஆபத்தானவை. வழிகள் மேலே சொன்னவையே. எழுதும்போது ஒன்றை மட்டும் கூட்டுங்கள். ஒவ்வொரு சிகரெட்டின் விலையையும் அதே வரியில் எழுதுங்கள். தனித்தனியாகக் கடனுக்கு வாங்கும்போது தெரியாத தொகை, ஒரு வாரம் கூட்டும்போது தெரியும்.

வீட்டாருக்கு

“திரும்பத் தொடங்கீட்டீங்களோ” என்று ஆட்கள் முன்னால் கேட்காதீர்கள். தனியே இருக்கும்போது, “நீங்கள் பத்துறது எனக்குத் தெரியும். பேச வரேல்லை. எப்ப விடுவம் எண்டு சொல்லுங்கோ” என்று கேளுங்கள். தகரக் கொட்டிலுக்குள் புகை தங்கும் என்பதால், அவர் நிறுத்தும் வரையும் புகைப்பது வெளியே மட்டும் இருக்கட்டும். பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பிச் சிகரெட் வாங்குவிக்க வேண்டாம். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலை விற்பது குற்றம்.

தனியே முடியாவிட்டால் தேசிய புகையிலை மற்றும் மதுசார அதிகார சபையின் 1948 இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை கேட்கலாம். வைத்தியசாலைக்குப் போகும்போது இரண்டு நாள் எழுதிய கொப்பியையும் கொண்டுபோங்கள். எத்தனை வருடம் விட்டிருந்தீர்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். முன்பு எப்படி விட்டீர்கள் என்பதுதான் இம்முறை எங்கிருந்து தொடங்குவது என்று வைத்தியருக்கும் உங்களுக்கும் காட்டும்.