வளர்ச்சி அட்டையில் புள்ளி பச்சையில் இருந்தால் போதுமா?

நம்பிக்கை: தாய் சேய் அட்டையில் எடைப் புள்ளிகள் பச்சைப் பகுதிக்குள் இருந்தால் குழந்தையின் வளர்ச்சியில் குறையில்லை.

உண்மை: பச்சை என்பது அன்றைய எடை வயதுக்கேற்ற வரம்புக்குள் இருப்பதை மட்டுமே சொல்லும். எடை ஏறுகிறதா, நின்றுவிட்டதா என்பதைப் புள்ளிகளை இணைக்கும் கோடுதான் காட்டும்.

உதாரணமாக, ஒரு பெண் குழந்தையின் எடை 3 மாதத்தில் 5.8 கிலோ, 6 மாதத்தில் 7.0, 9 மாதத்தில் 7.3, 12 மாதத்தில் மறுபடியும் 7.3. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவுகோலின்படி ஒரு வயதுப் பெண் குழந்தைக்குப் பச்சையின் கீழ் எல்லை 7.0 கிலோ. அதனால் நான்கு புள்ளிகளும் பச்சையில்தான் விழும். ஆனால் மூன்றாம் மாதத்தில் நடுக்கோட்டின் மேல் இருந்த குழந்தை, நடுக்கோடு 8.9 கிலோவைத் தொடும் 12ஆம் மாதத்தில் 1.6 கிலோ பின்தங்கிவிட்டது. கடைசி மூன்று மாதங்களில் எடை ஏறவே இல்லை. கவலைக்குரியது இந்தத் தேக்கம்தான்.

நம்பிக்கை: நடுக்கோட்டுக்குக் கீழே இருக்கும் குழந்தை நோஞ்சான்.

உண்மை: நலமான குழந்தைகளில் பாதிப்பேர் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருப்பார்கள். 6 மாதத்தில் 5.9, 9 மாதத்தில் 6.8, 12 மாதத்தில் 7.3 என வரும் இன்னொரு பெண் குழந்தை பச்சையின் அடிவிளிம்பை ஒட்டியே நகர்கிறது. எனினும் அதன் கோடு அச்சிட்ட வளைகோட்டுக்கு ஏறக்குறைய இணையாக ஏறுகிறது. ஒரு வயதில் இருவருக்கும் ஒரே எடைதான். வந்த வழி வேறு.

நம்பிக்கை: அட்டையைப் படமெடுத்து அனுப்பினால் மருத்துவருக்கு எல்லாம் விளங்கிவிடும்.

உண்மை: சாய்த்து எடுத்த படத்தில் கோட்டின் ஏற்றமும் சாய்ந்து தெரியும். படத்தின் ஓரத்தை வைத்து அளக்காமல், அச்சிட்ட கட்டக்கோட்டைப் பிடித்துக் கீழே வயதையும் பக்கத்தில் எடையையும் படிக்க வேண்டும். அச்சிட்ட வளைகோடும் கூடவே சாய்வதால், அதோடு ஒப்பிட்டால் போக்கு பிடிபடும். ஆண், பெண் குழந்தைகளுக்கு வரைபடம் தனித்தனி என்பதால் அதையும் முதலில் பார்க்க வேண்டும். ஒரே ஒரு புள்ளி மட்டும் திடீரென ஏறியோ இறங்கியோ இருந்தால், எழுதிவைத்த எடையோடு சரிபார்த்து, தேவைப்பட்டால் மறுபடி நிறுப்பது நல்லது. மாதம் மாறிக் குறித்திருக்கலாம். கனத்த உடையோடு நிறுத்திருக்கலாம்.

மருத்துவரிடம் “எடை குறைவு” என்று மட்டும் சொன்னால் போதாது. முதல் குழந்தையைப் பற்றி இப்படிச் சொல்லலாம்: “மூன்றாம் மாதம் நடுக்கோட்டில் இருந்தாள். ஆறாம் மாதத்துக்குப் பிறகு ஏற்றம் குறைந்தது. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை 7.3 கிலோவிலேயே நிற்கிறாள்.” இணை உணவு தொடங்கிய மாதம், இடையில் வந்த வயிற்றுப்போக்கு, காய்ச்சல், குறைமாதப் பிறப்பு என்றால் எத்தனை வாரத்தில் பிறந்தது, உயர அளவு இருந்தால் அதுவும் சேர வேண்டும். தேக்கத்துக்குக் காரணம் உணவா நோயா என்பதை வரைபடம் சொல்லாது. குழந்தையைப் பரிசோதித்து மருத்துவர்தான் சொல்ல முடியும்.