பாஸ்போர்ட்டில் உள்ள பெயர்தான் உங்கள் பெயர்

என் மகள் அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்வதற்காக எஸ்.ஏ.டி. தேர்வு எழுத விரும்பினாள். 2024 டிசம்பர் 7 தேர்வுக்குப் பதிவு செய்யப் போனபோது, எங்களுக்கு எட்டும் தூரத்தில் இருந்த மையங்கள் நிரம்பிவிட்டன. கொழும்பில் இடம் இருந்தது. தூத்துக்குடிக்காரர்களுக்குக் கொழும்பு தூரத்து ஊர் அல்ல, எங்கள் தாத்தா தோணியில் சரக்கோடு போய்வந்த துறை. அந்தத் தைரியத்தில் உடனே பணம் கட்டிவிட்டேன். அதற்கு முன் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

அது அவளுக்கு 12 வயதில் எடுத்தது. 18 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பொதுவாக 5 ஆண்டு, அல்லது 18 வயது நிரம்பும் வரை, இதில் எது முந்துகிறதோ அதுவரைதான் பாஸ்போர்ட் செல்லும். அவளுடையது 2025 மார்ச்சில் முடிவதாக இருந்தது. தேர்வு டிசம்பரில்தானே என்று நினைத்தேன். ஆனால் இலங்கையில் போய் இறங்கும் நாளிலிருந்து இன்னும் 6 மாதம் செல்லுபடி இருக்க வேண்டும். ஆக, கையில் இருந்த பாஸ்போர்ட் இந்தப் பயணத்துக்கு உதவாது. சிறு வயதில் பாஸ்போர்ட் எடுத்த பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பிளஸ் ஒன், பிளஸ் டூ சமயத்தில்தான் அது காலாவதியாகும். 15 வயது தாண்டியிருந்தால் 10 ஆண்டுக்கே கேட்டு வாங்கலாம்.

புதுப்பிப்பதற்குத் திருநெல்வேலி சேவா கேந்திராவில் நேரம் வாங்கினோம். மைனர் விண்ணப்பத்துடன் தாய், தந்தை இருவரும் கையெழுத்திட்ட 'அனெக்சர் டி' உறுதிமொழி வேண்டும். என் கணவர் கப்பலில் வேலை செய்கிறவர். அடுத்த பத்து நாளில் கப்பலேற இருந்தார். அவர் போன பிறகு தெரிந்திருந்தால், நடுக்கடலில் இருப்பவரிடம் கையெழுத்து வாங்க முடியாமல், ஒரு பெற்றோர் மட்டும் விண்ணப்பிக்கும் வேறு வழியைத் தேடியிருக்க வேண்டும். மாலுமிக் குடும்பங்கள் இதை மறக்கக் கூடாது. அவள் என்னோடு மட்டும் பயணம் செய்வதற்குச் சம்மதக் கடிதம் ஒன்றையும் அவரிடம் நோட்டரி முன் எழுதி வாங்கி வைத்துக்கொண்டேன்.

புதிய பாஸ்போர்ட் வந்த அன்றுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. மகள் அதையும் தன் எஸ்.ஏ.டி. கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "எம்மா, பேரு வேற வேறயா இருக்கு" என்றாள். பள்ளிச் சான்றிதழில் இருக்கிறபடி அப்பா பெயரின் முதலெழுத்தை இனிஷியலாகப் போட்டுப் பதிவு செய்திருந்தோம். பாஸ்போர்ட்டிலோ 'கிவன் நேம்' இடத்தில் அவள் பெயர், 'சர்நேம்' இடத்தில் பெர்னாண்டோ. இந்தக் கடற்கரையில் பெர்னாண்டோ, ரோட்ரிகோ, மச்சாடோ என்று குடும்பப் பெயர் உள்ள வீடுகளில் இது சகஜம்; பள்ளியில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று. சொந்த நாட்டைவிட்டு வேறு நாட்டில் எஸ்.ஏ.டி. எழுதுகிறவருக்கு அடையாள ஆவணம் பாஸ்போர்ட் மட்டுமே. ஆதார் அங்கே செல்லாது. பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் அனுமதிச் சீட்டில் உள்ள பெயரும் பொருந்த வேண்டும். தேர்வு நடத்தும் காலேஜ் போர்டுக்கு எழுதிப் பெயரைத் திருத்தினோம். இன்னும் நாள் இருந்ததால் முடிந்தது.

சர்நேம் இடமே காலியாக, ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் வேறொன்றையும் கவனிக்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் முதல் அத்தகைய பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவுக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. துபாயில் மையம் எடுப்பதற்கு முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் சரியான பிறகே விசாவுக்குப் போனோம். இலங்கைக்கு இ.டி.ஏ. எனும் மின்னணு பயண அனுமதியை முன்கூட்டியே எடுத்துவிடுவது நல்லது. அரசின் தளம் eta.gov.lk, அதே மாதிரி தோற்றமுள்ள தனியார் தளங்கள் கூடுதல் பணம் பிடுங்கும். 2024-இல் மட்டும் இந்த விசா முறை ஏப்ரலில் மாறி, நீதிமன்ற உத்தரவுக்குப் பின் செப்டம்பரில் பழையபடி திரும்பியது. அதனால் போன வருடம் போய்வந்தவர் சொல்வதை நம்பி இருக்காதீர்கள். தேர்வு எழுத வருகிறவர் எந்த வகையில் விண்ணப்பிக்க வேண்டும் என்று சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலையும் அச்செடுத்து வைத்துக்கொண்டோம். இ.டி.ஏ. பாஸ்போர்ட் எண்ணோடு கட்டப்பட்டது. பழைய பாஸ்போர்ட்டில் எடுத்திருந்தால் வீணாகியிருக்கும்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் உண்டுதான். ஆனால் வடகிழக்குப் பருவமழையில் அது நின்றுவிடும். மதுரையிலிருந்து விமானத்தில், தேர்வுக்கு இரண்டு நாள் முன்பே போய்விட்டோம்.

தேர்வு நாள் காலை பாஸ்போர்ட்டை விடுதிப் பெட்டகத்தில் விடாமல் அவள் கையிலேயே கொடுத்தேன். தேர்வு மையத்தில் நகல் செல்லாது. வாசலில் இருந்த அம்மா பாஸ்போர்ட்டைத் திறந்து, பெயரின் மேல் விரலை வைத்து, அனுமதிச் சீட்டோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். கடைசி எழுத்துவரை பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகச் சொன்னார்.