அடியில் 2 இருந்தால் குடிதண்ணீர் ஊற்றலாமா?



குழாய்த் தண்ணீர் தினமும் வராத நம்ம பகுதியில் டிரம்மோ கேனோ இல்லாத வீடு கிடையாது. புதுசு விலை ஜாஸ்தி. அதனால் பழைய கேன் கடையில் நீலக் கலர் 35 லிட்டர், 50 லிட்டர் கேனை வாங்கி வந்து, சோப்புப் போட்டுக் கழுவி, குடிதண்ணீர் பிடித்து வைக்கிறோம். "இதப் பாருங்கக்கா, 2-ம் நம்பர், நல்ல பிளாஸ்டிக்" என்று கடைக்காரர் கேனைத் திருப்பிக் காட்டுவார். அவர் சொல்வது பொய் இல்லை. அந்த 2 என்ன சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பார்ப்போம்.

முக்கோண அம்புக்குறிக்குள் 1 முதல் 7 வரை எண் போடும் முறையை 1988-ல் அமெரிக்காவின் பிளாஸ்டிக் தொழில் சங்கம் கொண்டு வந்தது. பழைய பிளாஸ்டிக்கை ரகம் பிரிப்பவர்களுக்காக வந்த எண் அது. ரகம் கலந்து உருக்கினால் மறுபடி நல்ல பொருள் செய்ய முடியாது. தண்ணீர் பாட்டில், கூல்டிரிங்ஸ் பாட்டில் 1. எண்ணெய் கேன், ஷாம்பு பாட்டில், கெமிக்கல் கேன் எல்லாம் 2. பால் பாக்கெட் 4. டிபன் டப்பா பெரும்பாலும் 5. எண்ணெய் கேனுக்கும் கெமிக்கல் கேனுக்கும் ஒரே நம்பர் என்பதைக் கவனித்தீர்களா? எண் சொல்வது பிளாஸ்டிக்கின் ஜாதியை மட்டும்தான்.

உணவுக்கு என்று இருக்கும் அடையாளம் வேறு. ஒரு கப்பும் பக்கத்தில் ஒரு முள்கரண்டியும் இருக்கும். ஐரோப்பிய நாடுகள் 1980-ல் ஏற்படுத்திய குறி இது. சாப்பாட்டுப் பொருள் படுவதற்காகச் செய்தது என்று அர்த்தம். நம் நாட்டில் எல்லா டப்பாவிலும் இது இருக்காது. சூடு தாங்குமா என்பதையும் இது சொல்லாது. 1-ம் நம்பர் பாட்டிலில் இந்தக் குறி இருந்தாலும் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினால் சுருங்கிப் போகும். 5-ம் நம்பர் டப்பா சுடுசோற்றைத் தாங்கும். ஆகவே இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். (ஜூஸ் அட்டைப்பெட்டியில் சில சமயம் 84 என்று இருக்கும். காகிதம், பாலிதீன், அலுமினியம் மூன்றும் ஒட்டிய அட்டை என்று அதற்குப் பொருள். அதைப் பிளாஸ்டிக்கோடு சேர்க்கக் கூடாது.)

இப்போது அந்த நீலக் கேனுக்கு வருவோம். சாயப்பட்டறையில் துணி வெளுக்கப் பெராக்சைடு, சாயம் போட்ட பிறகு அசிட்டிக் ஆசிட், கடைசியில் சாஃப்ட்னர் என்று பலதும் இப்படிப்பட்ட கேனில்தான் வந்து இறங்குகிறது. காலியானதும் சில கேன்கள் பழைய கேன் கடைக்குப் போய்விடுகின்றன. வாங்கும்போது அடியை மட்டும் பார்க்காமல் நாலு பக்கமும் பாருங்க. ஆங்கிலத்தில் யு, என் என்ற எழுத்துகள் அச்சில் வார்த்திருந்தால் அபாயமான சரக்கு ஏற்றுவதற்காகச் செய்த கேன் அது. லேபிள் கிழிந்திருந்தாலும் மிச்சத்தைப் படியுங்க. யு.என். 2014 என்றால் பெராக்சைடு. 2789 என்றால் கடுமையான அசிட்டிக் ஆசிட். வைர வடிவக் கட்டத்தில் வட்டத்தின் மேல் தீ எரிவது போலவோ, கை மேல் திரவம் சொட்டுவது போலவோ படம் இருந்தாலும் வேண்டாம். ஒரு குறியும் இல்லை, லேபிளைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள் என்றால் அதுவும் வேண்டாம்.

"நாலு தடவை கழுவிட்டேன், வாசமே இல்லையே" என்பார்கள். பெராக்சைடு நாளடைவில் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும், உண்மைதான். ஆனால் அந்தக் கேனில் பிறகு வேறு எதை ஊற்றி வைத்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? சில கெமிக்கல்கள் பிளாஸ்டிக்கின் உள்ளேயே ஊறிவிடும். சோப்பு மேல்பரப்பைத்தான் கழுவும். உள்ளே ஊறியது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும், வெயிலில் வைத்தால் இன்னும் வேகமாக. எல்லா விஷத்துக்கும் வாசம் இருக்காது. புதிதாக வாங்கியபோது கப்–முள்கரண்டி குறி இருந்த கேனாக இருந்தாலும், நடுவில் கெமிக்கல் ஊற்றியிருந்தால் குறி அப்படியேதான் இருக்கும், அழியாது.

அபாயக் கெமிக்கல் பட்ட காலிக் கேன்களை 2016-ம் ஆண்டு அபாயக் கழிவு விதிகள் கழிவுப் பட்டியலிலேயே சேர்த்திருக்கின்றன. அனுமதி பெற்றவர்களிடம்தான் கம்பெனிகள் கொடுக்க வேண்டும்.

பழசுதான் வாங்க முடியும் என்றால் சமையல் எண்ணெய் வந்த கேனைத் தேடுங்க. ஹோட்டல், பேக்கரியில் கிடைக்கும். லேபிளில் எண்ணெயின் பெயரும் 14 இலக்க உணவு லைசென்ஸ் நம்பரும் இருக்க வேண்டும். சுடுதண்ணீர், சோப்பு போட்டுப் பிசுக்குப் போகக் கழுவினால் போதும். ஏற்கெனவே வீட்டில் கெமிக்கல் கேன் இருந்தால் வாசல் கழுவ, கக்கூஸுக்கு ஊற்ற வைத்துக்கொள்ளலாம். புளிக்கரைசல், ஊறுகாய், எண்ணெய், மாட்டுக்குத் தண்ணீர் எதுவும் அதில் வேண்டாம். குழந்தைகள் மொண்டு குடிக்காத இடத்தில் வைத்து, மேலே பெயிண்டில் "குடிக்கக் கூடாது" என்று பெரிதாக எழுதிவிடுங்க.