தணிக்கையின் பாதை: திட்டம், சான்று, அறிக்கை

நுழையும்முன்

நீண்ட பாடத்தைச் சுருக்கி வரையும்போது, அதன் செயல்கள் எந்த வரிசையில் நிகழ்கின்றன என்பதை முதலில் காண வேண்டும். தணிக்கையியல் பாடம் மூன்று படிகளாய் அமையும். ஒரு படியின் முடிவே அடுத்த படியின் தொடக்கம் ஆதலால், இடையில் ஒன்று பழுதுபட்டால் இறுதியும் பழுதுபடும்.

திட்டமிடல் → சான்று திரட்டல் → அறிக்கையளித்தல்

திட்டமிடல்

ஒரு நிறுவனத்தின் நிதிநிலை அறிக்கைகள் உண்மையும் நேர்மையுமான நிலையைக் காட்டுகின்றனவா என ஆராய்ந்து, சார்பற்ற ஒருவர் கருத்துரைப்பதே தணிக்கை. ஓராண்டின் எல்லாப் பதிவுகளையும் ஒருவர் பார்த்துவிட இயலாது. எனவே, எங்கே பிழையோ மோசடியோ நேரக்கூடும் என்பதைத் தணிக்கையாளர் முதலில் கணிக்கிறார். இக்கணிப்பே இடர் மதிப்பீடு.

எவ்வளவு பெரிய பிழை அறிக்கையைப் படிப்பவரின் முடிவை மாற்றும் என்பதையும் அவர் வரையறுக்கிறார். இது முக்கியத்துவ அளவு எனப்படும். வரிக்கு முந்தைய இலாபத்தில் 5 விழுக்காட்டைக் கொள்வது பரவலான வழக்கம். இலாபம் 40 இலட்சம் ரூபாய் எனில் அவ்வளவு 2 இலட்சம் ஆகும். ஆயினும், தொகை சிறிதாயினும் மோசடியால் நேர்ந்ததெனில் அதனைப் புறக்கணித்தல் ஆகாது.

சான்று திரட்டல்

கணக்கேட்டில் ஒரு தொகை எழுதப்பட்டிருப்பது அத்தொகை உண்மையில் இருப்பதற்குச் சான்றாகாது. சான்றின் வலிமை, அது எங்கிருந்து, யார் கை வழியாக வந்தது என்பதைப் பொறுத்தது. நிறுவனத்தாரின் வாய்மொழியைவிட ஆவணம் வலிது. நிறுவனமே எழுதிய ஆவணத்தைவிட, வெளியார் தணிக்கையாளருக்கு நேரே அனுப்பும் ஆவணம் வலிது.

வங்கி இருப்பைச் சரிபார்க்கும் முறை இதனை விளக்கும். இருப்பைக் கேட்கும் கடிதத்தில் நிறுவனம் ஒப்புதல் கையொப்பமிடும். அதனைத் தணிக்கையாளரே வங்கிக்கு அனுப்ப வேண்டும். விடையும் அவரிடமே நேரே வர வேண்டும். இதற்கு வெளிப்புற உறுதிப்படுத்தல் என்று பெயர். கடிதம் இடையில் நிறுவனத்தின் கைக்குச் சென்றால், வரும் விடை வங்கியுடையதா, புனையப்பட்டதா என அறிய வழியில்லை.

ஐதராபாத்தைச் சேர்ந்த சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் நிறுவனத்தில் இப்படியே பழுது நேர்ந்தது. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் இராமலிங்க ராஜு எழுதிய கடிதம் உண்மையை வெளிப்படுத்தியது. 2008 செப்டம்பர் 30 அன்றைய கணக்கு, ரொக்கமும் வங்கி இருப்புமாக 5,361 கோடி ரூபாயைக் காட்டியது. அதில் 5,040 கோடி ரூபாய் இல்லாத பணம். வங்கிக் கடிதங்களை அனுப்புவதையும் பெறுவதையும் தணிக்கையாளர்கள் நிறுவனத்தாரிடமே விட்டுவிட்டனர் என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 2011இல் கண்டறிந்தது.

வேறொரு வழியிலும் ஐயம் எழுந்திருக்கலாம். வைப்புத்தொகை மெய்யெனில் அதற்கு வட்டி வரும். அவ்வட்டிக்கு வங்கி வரி பிடித்தம் செய்து சான்றும் அளிக்கும். சத்யம் கணக்கிலோ, வந்து சேராத வட்டியாக 376 கோடி ரூபாய் பொய்யாகக் காட்டப்பட்டிருந்தது. ஓர் எண்ணை அதனோடு தொடர்புடைய மற்றோர் எண்ணுடன் பொருத்தி நோக்கும் இம்முறை பகுப்பாய்வு நடைமுறை எனப்படும்.

அறிக்கையளித்தல்

திரட்டிய சான்று போதியதாகவும் பொருத்தமாகவும் இருந்து, பெரும் பிழை இல்லையெனில் தணிக்கையாளர் மாற்றமில்லாக் கருத்தைத் தருவார். பிழை பெரிதாயினும் ஒரு பகுதியோடு நின்றால், அதனை மட்டும் விலக்கி வரம்புடைக் கருத்தைத் தருவார். பிழை கணக்கு முழுவதும் பரவியிருந்தால் எதிர்மறைக் கருத்தைத் தருவார். சான்றே கிடைக்காமல், அதன் விளைவு கணக்கு முழுவதையும் பாதிக்கக்கூடும் எனில் கருத்துக் கூற மறுப்பார்.

சத்யம் கணக்குகள் ஆண்டுதோறும் மாற்றமில்லாக் கருத்தையே பெற்றிருந்தன. ராஜுவின் கடிதம் வெளிவந்தபின், தம் முந்தைய அறிக்கைகளை இனி நம்பலாகாது எனத் தணிக்கையாளர்களே அறிவித்தனர். இரண்டாம் படியில் தளர்ந்த பிடி மூன்றாம் படியைப் பொய்யாக்கிற்று.

கலைச்சொல் அறிவோம்

இடர் மதிப்பீடு – பிழை நேரக்கூடிய இடங்களை முன்கூட்டிக் கணித்தல்.
முக்கியத்துவ அளவு – படிப்பவரின் முடிவை மாற்றக்கூடிய பிழையின் எல்லை.
தணிக்கைச் சான்று – கருத்துக்கு அடிப்படையாகத் திரட்டும் செய்தி.
வெளிப்புற உறுதிப்படுத்தல் – வெளியாரிடமிருந்து நேரே பெறும் விடை.
வரம்புடைக் கருத்து – குறித்த ஒரு பகுதியை விலக்கிக் கூறும் கருத்து.

கற்பவை கற்றபின்

1. ஒரு நிறுவனம், வங்கியின் இருப்புக் கடிதத்தைத் தானே வாங்கி வந்து தணிக்கையாளரிடம் தருகிறது. அவர் அடுத்துச் செய்ய வேண்டியது யாது? காரணத்துடன் எழுதுக.
2. இப்பாடத்தை மூன்று தொடர்களில் சுருக்கி வரைக. ஒவ்வொரு தொடரும் முந்தையதன் விளைவாக அமைதல் வேண்டும்.