பாதியில் நின்றால் சீட்டுப் பணம் போய்விடுமா?

நம்பிக்கை: தவணையை நிறுத்தினால் கட்டியதெல்லாம் போச்சு.

பதிவு செய்த ஏலச்சீட்டில் அப்படி இல்லை. சீட்டு எடுக்காதவர் தவணை தவறினால், 1982-ம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி சீட்டு நடத்துபவர் அவர் பெயரை நீக்கி, அதை எழுத்து மூலம் நோட்டீஸில் தெரிவிக்கலாம். பணத்தை விழுங்க முடியாது. அவர் இடத்தில் புது ஆள் சேர்ந்தால், பழைய பாக்கித் தவணைகளையும் சேர்த்துக் கட்டுவார். அதிலிருந்து விலகியவருக்குரிய தொகையை எடுத்து, அடுத்த தவணைத் தேதிக்குள் வங்கியில் தனிக் கணக்கில் போட்டுவிட்டு, அவருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் கேட்கும்போது அதைக் கொடுத்தாக வேண்டும். புது ஆளே கிடைக்காவிட்டால், சீட்டு முடிந்த 15 நாளுக்குள் பணம் வர வேண்டும்.

நம்பிக்கை: நின்ற மாதமே முழுப் பணமும் கைக்கு வரும்.

இதை நம்பித்தான் பலர் அவசரப்பட்டு நின்றுவிடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். ஒரு லட்ச ரூபாய் சீட்டு, 20 பேர், 20 மாதம், தவணை 5,000 ரூபாய். ஒருவர் எட்டு மாதம் கட்டியிருக்கிறார். 40,000 ரூபாய்க்கான தவணை முடிந்திருந்தாலும், ஏலத் தள்ளுபடியில் 7,500 ரூபாய் கழிந்து, அவர் கையிலிருந்து போனது 32,500தான். பொதுவாக அதுதான் கணக்கில் வரும். அதிலும் ஒப்பந்தத்தில் சொன்ன கழிவு போகும். சீட்டுத் தொகையில் 5 சதவீதம் என்று எழுதியிருந்தால் 5,000 ரூபாய் போய், மிச்சம் 27,500. மாற்று ஆள் கிடைக்காவிட்டால் அதற்கும் பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும்.

ஆகவே, தவணை தவறும் முன்பே உங்கள் சீட்டை வாங்கிக்கொள்ள ஒருவரைத் தேடுங்கள். மாற்றுப் பத்திரத்தை எழுதி, இரண்டு சாட்சிகளின் கையெழுத்தோடு சீட்டு நடத்துபவரிடம் தாக்கல் செய்யலாம். கட்டிய 32,500-ஐ வாங்குபவரிடமே கேட்டுப் பெறலாம். கழிவு மிச்சமாகும், காத்திருப்பும் இல்லை.

நம்பிக்கை: சீட்டு எடுத்த பிறகும் விலகலாம்.

முடியாது. எடுத்தவர் கடன்காரர். தவணை தவறினால், எழுத்து மூலம் கேட்டு, மீதித் தவணைகள் மொத்தத்தையும் ஒரே தடவையில் கட்டச் சொல்லலாம்; ஜாமீன் போட்டவரிடமும் போவார்கள்.

நம்பிக்கை: தெருச் சீட்டுக்கும் இதே பாதுகாப்பு உண்டு.

பதிவுத்துறையின் சீட்டுப் பதிவாளரிடம் தகராறைக் கொண்டுபோகும் வழி, பதிவான சீட்டுக்குத்தான். அப்படிப்பட்ட சீட்டின் ஒப்பந்தத்தில் முன் அனுமதி எண்ணும் பதிவு எண்ணும் இருக்கும். பதிவில்லாத சீட்டில் போலீஸ் புகாரும் நீதிமன்றமும்தான் மிச்சம். அங்கே பேசப்போவது கையெழுத்துள்ள சீட்டு நோட்டும் பணம் அனுப்பிய ரசீதுகளும் மட்டுமே. இருப்பதையெல்லாம் நிற்பதாகச் சொல்லும் முன்பே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.