சிறு வெப்பமும் நீண்ட நேரமும்: வீட்டு மின்செலவு பற்றிய ஒரு பாடம்

மின்சார இஸ்திரிப் பெட்டி மின்சாரத்தை விழுங்கும் என்பது பரவலான எண்ணம். அது 1000 வாட் ஏற்கும் சாதனமாதலால் இவ்வெண்ணம் தோன்றுவது இயல்பே. ஆயினும், மீட்டர் கணக்கிடுவது வாட்டை மட்டுமன்று. வாட்டையும் நேரத்தையும் பெருக்கி வரும் தொகையையே கணக்கிடுகிறது. 1000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் இயங்கினாலும், 40 வாட் சாதனம் 25 மணி நேரம் இயங்கினாலும் செலவாவது ஒரு யூனிட்டே. இவ்வுண்மையை அரிசிக் குக்கரைக் கொண்டு எளிதில் விளக்கலாம்.

குக்கரின் அடியில் ஒரு காந்தம் உண்டு. பாத்திரத்தில் நீர் உள்ளவரை அதன் அடிப்பாகம் ஏறக்குறைய 100 டிகிரியைத் தாண்டாது. நீர் முழுவதும் அரிசியில் சுவறியபின் வெப்பம் சில டிகிரி ஏறுகிறது. உடனே காந்தம் தன் ஈர்ப்பை இழந்து, பெரிய சூடேற்றியின் இணைப்பு துண்டிக்கப்படுகிறது. ஆனால் மின்சாரம் முற்றிலும் நின்றுவிடுவதில்லை. சோற்றைச் சூடாக வைத்திருக்கும் சிறு சூடேற்றி அப்போது வேலையைத் தொடங்குகிறது. பல குக்கர்களில், சுவரிலுள்ள ஸ்விட்சை அணைக்கும்வரை இது ஓயாது.

பாலக்காடு மாவட்டத்தின் எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறையில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். அங்கு 700 வாட் குக்கரில் அரை மணி நேரத்தில் சோறு வேகிறது, செலவு 0.35 யூனிட். காலை 7 மணிக்கு வெந்த சோறு மாலை 5 மணி வரை சூட்டில் வைக்கப்படுகிறது. சிறு சூடேற்றி சராசரி 40 வாட் ஏற்குமாயின், பத்து மணி நேரத்தில் 0.4 யூனிட் செலவாகும். அதாவது, சோற்றைச் சமைத்ததைவிட அதைக் காத்து வைத்ததற்கே செலவு மிகுதி. அறுபது நாளில் இது 24 யூனிட் ஆகிறது.

இடுக்கி மாவட்டத்து மூணாறு போன்ற குளிர்ந்த ஊர்களில், வெப்பக் கட்டுப்பாடுள்ள குக்கர் இதனினும் மிகுதியாக உழைக்கும். சோற்றை 65 டிகிரியில் வைக்க, 35 டிகிரி அறையில் வித்தியாசம் 30 டிகிரி; 15 டிகிரி அறையிலோ 50 டிகிரி. வெளியேறும் வெப்பம் ஏறக்குறைய இவ்வித்தியாசத்திற்கு ஒத்ததாகும்.

இனி இஸ்திரிப் பெட்டியை நோக்குவோம். அதன் உலோகப் பகுதி ஒரு கிலோ அலுமினியம் எனக் கொண்டால், அதை 30 டிகிரியிலிருந்து 180 டிகிரிக்கு ஏற்றச் சுமார் 0.04 யூனிட் வேண்டும். நாள்தோறும் ஒரே சட்டைக்காகப் பெட்டியைச் சூடேற்றுவோர் இந்த வெப்பத்தை நாள்தோறும் காற்றில் இழக்கின்றனர். அறுபது நாளில் இவ்விழப்பு 2.4 யூனிட். வாரத்திற்கு ஒருமுறை எல்லாத் துணிகளையும் தேய்த்தால் ஏறக்குறைய இரண்டு யூனிட் மிஞ்சும். இது நன்மையே, எனினும் குக்கரின் 24 யூனிட்டுக்கு முன் சிறிது.

இக்கணக்கை மாணவர் தம் வீட்டு மீட்டரிலேயே சோதிக்கலாம். மின்னணு மீட்டரின் முகப்பில் 3200 imp/kWh என்பது போன்ற எண் அச்சிடப்பட்டிருக்கும். ஒரு யூனிட்டுக்குச் சிறு விளக்கு 3200 முறை மினுக்கும் என்பது இதன் பொருள். மற்றச் சாதனங்களை அணைத்துவிட்டு, இரு மினுக்கல்களுக்கு இடைப்பட்ட வினாடிகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். 1125-ஐ அவ்வினாடிகளால் வகுத்தால் வாட் கிடைக்கும். இடைவெளி 28 வினாடியாயின் 40 வாட். இஸ்திரிப் பெட்டி சூடேறும்போது வினாடிக்கு ஏறக்குறைய ஒரு மினுக்கல் தோன்றும். மீட்டரில் வேறு எண் இருப்பின், 36,00,000-ஐ அவ்வெண்ணால் வகுத்து வருவதை 1125-க்குப் பதிலாகக் கொள்க. கட்டுப்பாடு உள்ள குக்கரில் சூடேற்றி விட்டுவிட்டு இயங்குமாதலால், ஒரு மணி நேர மினுக்கல்களை எண்ணிச் சராசரி காண்பதே சரியாகும்.

கேரளத்தில் வீட்டு மின்கட்டணம் மாதம் 250 யூனிட் வரை படிப்படியாகக் கணக்கிடப்படுகிறது. அதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே எல்லாவற்றுக்கும் ஒரே உயர் வீதம் பொருந்தும். இரு மாதப் பட்டியலில் இவ்வெல்லை 500 யூனிட். 512 யூனிட் செலவிடும் குடும்பம் குக்கரின் 24 யூனிட்டைத் தவிர்த்தால் 488-இல் நின்றுவிடும். அப்போது குறைவது 24 யூனிட்டின் விலை மட்டுமன்று. எஞ்சிய 488 யூனிட்டின் கணக்கும் படிநிலைக்குத் திரும்புகிறது.

ஓர் எச்சரிக்கை இங்கு அவசியம். ஸ்விட்சை அணைத்துவிட்டுச் சோற்றை மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக விடலாகாது. 60 டிகிரிக்குக் கீழ் அதில் நச்சுக் கிருமிகள் பெருகும். ஆதலின் உண்ணும் வேளையை ஒட்டிச் சமைப்பதே முறை. மிஞ்சியதை விரைவில் ஆற்றிக் குளிர்பெட்டியில் வைத்து, உண்ணுமுன் நன்கு சூடாக்குதல் வேண்டும்.