இருபத்தெட்டு பக்கத் திட்டத்தை ஒரே தாளில் எழுதுவது எப்படி?



கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி, அதாவது சி.எஸ்.ஆர். நிதி, பற்றி நம் கூட்டமைப்புகளில் இப்போது அடிக்கடி பேச்சு வருகிறது. 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவு பெரிய கம்பெனிகளுக்கு ஒரு கடமை வைத்திருக்கிறது. முந்தைய மூன்று ஆண்டு நிகர லாபத்தின் சராசரியில் 2 சதவீதத்தை அவர்கள் சமூகப் பணிக்குச் செலவு செய்யணும். இது 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தப் பணத்தில் நம்ம ஊரில் ஒரு திட்டம் செய்யலாம் என்று ஒரு தொண்டு நிறுவனம் வருகிறது, தடிமனான விண்ணப்பம் ஒன்றைக் கொடுக்கிறது. பரிசீலனைக் குழுவில் இருக்கிற ஏழு பேரும் அதை முழுசா படிக்க முடியாது. ஆகவே செயலாளரோ ஊக்குநரோ அதைச் சுருக்கி எழுதிக் கொடுக்கணும். அந்தச் சுருக்கத்தை எப்படி எழுதுவது என்பதுதான் இந்த இதழின் பாடம்.

சுருக்கத்துக்கு நான்கு தலைப்பு போதும்: பணம், பயனாளிகள், கட்டங்கள், அறிக்கைக் கடமைகள். விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே ‘திட்டச் சுருக்கம்’ என்று ஒன்று இருக்கும். அதைப் பார்த்து எழுதினால் வேலை சுலபம்தான். ஆனால் அது கம்பெனி மேலாளர் படிப்பதற்காக எழுதியது. நம் குழு தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி பெரும்பாலும் உள்ளே இணைப்புகளில்தான் கிடக்கும்.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். எண்கள் பாடத்துக்காக நாமே அமைத்தவை. 20 குழுக்கள், 240 உறுப்பினர்கள் உள்ள கூட்டமைப்பு. சாமை, கேழ்வரகு விளைகிற பகுதி. தானியத்தைக் கல் நீக்கி, தோல் நீக்கி, மாவாக்கிப் பொட்டலம் போடும் மையம் அமைக்க 28 பக்க விண்ணப்பம் வந்திருக்கிறது. திட்டக் காலம் 18 மாதம், தொடக்கம் அக்டோபர்.

முதலில் பணம். முதல் பக்கத்தில் ‘மொத்தத் திட்ட மதிப்பு ரூ.24,60,000’ என்று இருக்கிறது. இதை மட்டும் எழுதினால், கம்பெனி இருபத்தைந்து லட்சம் தருது என்றுதான் குழுவில் எல்லோரும் நினைப்பார்கள். 19-ம் பக்க இணைப்பைப் பார்த்தால் கணக்கு வேறு. கம்பெனி தருவது ரூ.18,00,000. ‘சமுதாயப் பங்களிப்பு’ ரூ.1,60,000. மீதி ரூ.5,00,000 ‘வங்கி இணைப்பு’. வங்கி இணைப்பு என்றால் நம் கூட்டமைப்பு பேரில் வாங்கும் கடன், வேறொன்றும் இல்லை. ஆக நம் பக்கம் வருவது ரூ.6,60,000. தலைக்குப் பிரித்தால் ஒரு உறுப்பினருக்கு ரூ.2,750, வட்டி தனி. ஆகவே பணம் என்ற தலைப்பில் முதல் வரியாக எழுத வேண்டியது மொத்தத் தொகையை அல்ல. யார் எவ்வளவு தருகிறார்கள், அதில் எது திருப்பிக் கட்ட வேண்டிய பணம் என்பதைத்தான் முதலில் எழுதணும்.

அடுத்து செலவு. இயந்திரங்கள் ரூ.9,20,000. கொட்டகைச் சீரமைப்பும் மும்முனை மின் இணைப்பும் ரூ.3,80,000. பயிற்சி ரூ.2,40,000. ஒருங்கிணைப்பாளர் சம்பளம் மாதம் 15,000 வீதம் 18 மாதத்துக்கு ரூ.2,70,000. தொண்டு நிறுவன நிர்வாகச் செலவு ரூ.1,50,000. தானியம் வாங்க நடைமுறை மூலதனம் ரூ.5,00,000. கூட்டிப் பாருங்கள், 24,60,000 சரியாக வருகிறது. எத்தனை அழகாக அச்சடித்திருந்தாலும் கூட்டிப் பார்க்காமல் விடாதீர்கள். கடைசி நேரத்தில் ஒரு இனத்தை மாற்றிவிட்டு மொத்தத்தை மாற்றாமல் விடுவது சகஜமாக நடக்கிறது.

நிர்வாகச் செலவு பற்றி ஒரு வார்த்தை. ‘5 சதவீதத்துக்கு மேல போகக் கூடாதுன்னு சட்டமே இருக்கு’ என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். அந்த 5 சதவீத வரம்பு, கம்பெனி தன் அலுவலகத்தில் சி.எஸ்.ஆர். நிர்வாகத்துக்குச் செய்யும் செலவுக்கு உரியது. தொண்டு நிறுவனத்தின் செலவுக்கு அந்த வரம்பு பொருந்தாது. அதனால் இதைச் சட்ட மீறல் என்று எழுத வேண்டாம். தொகையை எழுதி, அதற்கு என்னென்ன அடங்கும் என்று கேட்டால் போதும்.

இனி பயனாளிகள். 2-ம் பக்கத்தில் ‘1,200 பேர் நேரடிப் பயனாளிகள்’ என்று இருக்கிறது. இந்த 1,200 எங்கிருந்து வந்தது? 240 உறுப்பினர்கள், குடும்பத்துக்கு 5 பேர், பெருக்கினால் 1,200. கைக்குழந்தையும் இதில் நேரடிப் பயனாளிதான்! 14-ம் பக்கத்தில் உண்மையான வேலை தெரிகிறது. மையத்தில் தினக்கூலி பெறப்போவது 10 பேர். பயிற்சி பெறுவோர் 60 பேர். அந்தப் பத்துப் பேரும் இவர்களில் இருந்துதான் வருவார்கள். மையத்துக்குத் தானியம் விற்கும் உறுப்பினர்கள் 90 பேர். இதை 160 என்று கூட்டக் கூடாது, பத்துப் பேர் இரண்டு முறை வந்துவிடுவார்கள். 150 என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது. பயிற்சிக்கு வரும் 60 பேரில் தானியம் விற்பவர்களும் இருக்கலாமே. சுருக்கத்தில் இப்படி எழுதலாம்: ‘கூலி 10, பயிற்சி 60, தானிய விற்பனை 90. அதிகபட்சம் 150 பேர். இரண்டிலும் வருபவர் எத்தனை என்று விண்ணப்பத்தில் இல்லை.’

‘விண்ணப்பத்தில் இல்லை’ என்று எழுதத் தயங்காதீர்கள். நாமாக ஊகித்து ஒரு எண்ணை நிரப்பினால், பிறகு அது விண்ணப்பத்தில் இருந்ததாகவே எல்லோரும் பேசுவார்கள். எடுத்த ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் பக்க எண்ணைக் குறித்து வையுங்கள்.

மூன்றாவது கட்டங்கள். இதில்தான் கொஞ்சம் நிதானமாக உட்காரணும். ‘இரண்டாம் காலாண்டு: விழிப்புணர்வு, ஒருங்கிணைப்பு’ என்பதெல்லாம் கட்டம் ஆகாது. எது முடியணும், எந்த மாதத்துக்குள், எதைக் காட்டினால் முடிந்ததாக ஒப்புக்கொள்வார்கள் என்ற மூன்றும் இருந்தால்தான் கட்டம். ‘ஆறாம் மாதத்துக்குள் இயந்திரங்கள் பொருத்தி ஓட்டிப் பார்க்கப்படும், ஆதாரம் பில், பொருத்திய சான்று, புகைப்படம்’ என்றால் அது கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே, அது முடிந்தால் வரும் தவணைப் பணத்தையும் எழுதணும்.

நம் உதாரணத்தில் கம்பெனி மூன்று தவணையாகத் தருகிறது. ஒப்பந்தம் போட்டதும் 40 சதவீதம், அதாவது ரூ.7,20,000. இயந்திரம் பொருத்தியதும் இன்னொரு ரூ.7,20,000. முடிவறிக்கைக்குப் பின் ரூ.3,60,000. படிக்கும்போது ஒழுங்காகத்தான் தெரிகிறது. இப்போது செலவுப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இயந்திரம் பொருத்தணும் என்றால் அதற்கு முன்னால் கொட்டகையும் மின்சாரமும் முடிந்திருக்கணும். இரண்டுக்கும் சேர்த்து ரூ.13,00,000 வேண்டும். கையில் இருப்பது முதல் தவணை ரூ.7,20,000, நம் பங்களிப்பு ரூ.1,60,000, ஆக ரூ.8,80,000. குறைவது ரூ.4,20,000. பயிற்சியும் சம்பளமும் இதில் இன்னும் சேரவில்லை. இந்தப் பணத்தை யார் போடுவது? விண்ணப்பத்தில் ஒரு வரி இல்லை. நடைமுறையில் என்ன ஆகும் என்றால், ‘மூலதனக் கடனை இப்பவே வாங்கிடுங்க, தவணை வந்ததும் போட்டுடலாம்’ என்பார்கள். மையம் ஓடத் தொடங்கும் முன்பே நம் தலையில் வட்டி ஓடும். தவணை தாமதமானால் தானியம் வாங்கவும் பணம் இருக்காது.

இதற்கு வழி உண்டு. இரண்டாம் தவணைக்கான கட்டத்தை ‘கொட்டகை முடிந்து, மின் இணைப்புக்குப் பணம் கட்டி, இயந்திரத்துக்கு முன்பணத்துடன் ஆர்டர் கொடுத்ததும்’ என்று முன்னால் நகர்த்தும்படி கேட்கலாம். பணத் தாளையும் கட்டத் தாளையும் தனித்தனியாகப் படிக்கிறவர்களுக்கு இந்தப் பள்ளம் தெரியாது.

இன்னொன்று, அக்டோபரில் தொடங்கும் 18 மாதத் திட்டம் மார்ச் 31-ஐத் தாண்டும். கம்பெனியின் இயக்குநர் குழு இதை ‘தொடரும் திட்டம்’ என்று ஏற்றிருக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள். ஏற்றிருந்தால், செலவாகாத தொகையை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனிக் கணக்கில் போட்டு, மூன்று நிதியாண்டுக்குள் செலவு செய்யணும். ஏற்காமல் இருந்தால், அந்தத் தொகை ஆறு மாதத்துக்குள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் உள்ள நிதிக்குப் போய்விடும். பிரதமர் தேசிய நிவாரண நிதி அதில் ஒன்று. நம் இரண்டாம் தவணை எங்கே நிற்கும் என்பது இந்தப் பதிலைப் பொறுத்தது.

கட்டங்களில் விட்டுப்போனதையும் பார்க்கணும். மாவுப் பொட்டலம் விற்க உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். நம் விண்ணப்பத்தில் அது எந்த மாதத்திலும் இல்லை.

கடைசியாக அறிக்கைக் கடமைகள். இது பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும். யார், யாருக்கு, எப்போது, எந்த ஆதாரத்தோடு கொடுக்கணும் என்று நான்கையும் எழுதுங்கள். நம் உதாரணத்தில் தொண்டு நிறுவனம் மூன்று மாதத்துக்கு ஒரு முன்னேற்ற அறிக்கையும், ஒவ்வொரு தவணைக்கும் ஆடிட்டர் கையெழுத்திட்ட பயன்பாட்டுச் சான்றும் கம்பெனிக்குக் கொடுக்கணும். ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், கொடுத்த பணம் சொன்னபடி செலவானது என்று கம்பெனியின் தலைமை நிதி அலுவலர் சான்று தரணும் என்று விதி இருக்கிறது. பில் இல்லை என்றால் அவர் கையெழுத்துப் போட மாட்டார், அடுத்த தவணை நிற்கும்.

அறிக்கை எழுதுவது அவர்கள் வேலைதான். ஆனால் வருகைப் பதிவேடு, தானியக் கொள்முதல் பதிவேடு, கூலிப் பட்டியல் மூன்றையும் எழுதி மாதாமாதம் 5-ம் தேதிக்குள் தருவது கூட்டமைப்பின் கடமை என்று 25-ம் பக்கத்தில் இருக்கிறது. அதற்குச் சம்பளம் எதுவும் ஒதுக்கவில்லை. கணக்காளர் அம்மா யார், அவருக்கு எதிலிருந்து கொடுப்பது என்று குழு முடிவு செய்தாக வேண்டும்.

தொண்டு நிறுவனத்தின் சி.எஸ்.ஆர். பதிவு எண்ணையும் கேட்டுக் குறியுங்கள். 2021 ஏப்ரல் முதல், செயல்படுத்தும் நிறுவனம் சி.எஸ்.ஆர்-1 படிவத்தில் பதிவு செய்து அந்த எண்ணைப் பெற்றிருக்கணும். பணம் அவர்கள் கணக்குக்குப் போவதால் பில்லும் அவர்கள் பேரில்தான் இருக்கும். அப்படியானால் இயந்திரம் யாருக்குச் சொந்தம்? ‘சமுதாயத்திடம் ஒப்படைக்கப்படும்’ என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். விதிப்படி, பதிவு பெற்ற தொண்டு நிறுவனமும் வைத்துக்கொள்ளலாம், பயனாளிகளான சுய உதவிக் குழுக்களின் அமைப்பும் வைத்துக்கொள்ளலாம். இரண்டும் செல்லும் என்பதால்தான் யார் பேரில், எந்தத் தேதியில் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கணும்.

நம் அபிப்பிராயத்தை இந்த நான்கு தலைப்புக்குள் கலக்க வேண்டாம். தாளின் அடியில் ‘கேள்விகள்’ என்று தனியாகக் கோடு போட்டு எழுதுங்கள். இந்த விண்ணப்பத்துக்கு ஐந்து கேள்வி வரும்: ரூ.4,20,000 இடைவெளியை யார் நிரப்புவது, தொடரும் திட்டம்தானா, உணவுப் பாதுகாப்புப் பதிவு எந்த மாதம், இயந்திரம் யார் பேரில், 18 மாதத்துக்குப் பிறகு ஒருங்கிணைப்பாளர் வேலையைச் செய்வது யார்.

தாளை ஒரு நாள் முன்பே குழு உறுப்பினர்களிடம் கொடுத்துவிட்டு, கூட்டத்தில் ஒருவர் உரக்க வாசிக்கட்டும். படிக்கத் தெரியாத உறுப்பினருக்கும் அப்போது கணக்கு விளங்கும். கேள்விகளைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றி, நகலைத் தொண்டு நிறுவனத்துக்கு அனுப்பி, பதிலை எழுத்தில் கேளுங்கள். பதில் வந்ததும் அதே தாளில் எண்ணைத் திருத்தி, தேதி போட்டு, பழைய தாளையும் கோப்பிலேயே வையுங்கள்.